ஷிஃப்ட் கடைசி நேரத்தில் ரத்தானால்: கலிபோர்னியா உணவகங்களில் வருகை ஊதியம் வழங்கும் முறை

மாலை நாலரை மணி. ஐந்து மணி ஷிஃப்டுக்கு வர வேண்டிய பரிமாறுபவர் பின்வாசலில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டிருக்கும்போது ஊழியர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுகிறது: “இன்னைக்குப் புக்கிங் எல்லாம் கேன்சல். சாயங்கால ஷிஃப்ட் வேண்டாம், வீட்டுக்குப் போயிடுங்க.” அவர் ஒரு நிமிடம்கூட வேலை செய்யவில்லை, ஆகவே கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை என்று உரிமையாளர் நினைக்கிறார். பே ஏரியாவில் உள்ள நம்மவர் உணவகங்கள் சிலவற்றுக்குச் சம்பளக் கணக்கு பார்ப்பவன் என்ற முறையில், இந்த நினைப்பைத் திருத்துவதற்கே நான் அதிக நேரம் செலவிட்டிருக்கிறேன். கலிபோர்னியாவில் வேலைக்கு வரச் சொல்லி, வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அந்த வருகைக்கே ஒரு குறைந்தபட்ச ஊதியம் உண்டு. அங்குள்ள ஊதிய ஆணைகள் இதனை ‘ரிப்போர்ட்டிங் டைம் பே’ என்கின்றன; இந்தக் கட்டுரையில் அதனை வருகை ஊதியம் என்றே குறிப்பிடுகிறேன்.

உணவகங்களுக்குப் பொருந்துவது 5ஆம் எண் ஊதிய ஆணை. துணிக்கடை, மளிகைக்கடை போன்ற வணிகங்களுக்குப் பொருந்துவது 7ஆம் எண் ஆணை. இரண்டிலுமே வருகை ஊதியத்தைப் பற்றிய விதி 5ஆம் பிரிவில் உள்ளது. வேலைக்கு வர வேண்டும் என்று பணிக்கப்பட்ட ஊழியர் அவ்வாறே வந்து, அவருக்கு வேலை தரப்படாமலோ, வழக்கமான அல்லது அட்டவணையிட்ட நேரத்தில் பாதிக்கும் குறைவாகவே தரப்பட்டாலோ, அந்த நேரத்தின் பாதிக்கு ஊதியம் கொடுக்க வேண்டும். அது 2 மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது, 4 மணி நேரத்தைத் தாண்ட வேண்டியதும் இல்லை என்பதே அதன் சாரம். படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இந்த விதி, வாரத்துக்கு வாரம் நேரம் மாறும் ஊழியர்களிடம் வரும்போதுதான் சிக்கலாகிறது. ஆகவே ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: ஊழியர் ‘வந்தாரா’ என்று தீர்மானித்தல்

ஊதியம் கடன்பட்டதா இல்லையா என்பது பெரும்பாலும் இந்தக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. கடைக்கு நேரில் வந்தவரைப் பற்றி ஐயமில்லை. நேரில் வராதவரும் ‘வந்தவர்’ ஆகக்கூடும் என்பதைத்தான் பலர் அறிந்திருக்கவில்லை. 2019 பிப்ரவரியில் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் வார்ட் எதிர் டில்லிஸ் என்ற வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் துணிக்கடையில் ‘ஆன் கால்’ ஷிஃப்ட் இருந்தவர்கள், ஷிஃப்ட் தொடங்குவதற்கு 2 மணி நேரம் முன்பு தொலைபேசியில் அழைத்து, வர வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வர வேண்டாம் என்றால் காசு இல்லை. அந்த நேரத்துக்கு வேறு வேலையை ஒப்புக்கொள்ளவோ, குழந்தையை யாரிடமும் விடாமல் இருக்கவோ முடியாதபடி ஊழியரைக் கட்டிவைத்துவிட்டு, ஆபத்தை அவர் தலையில் சுமத்துவது விதியின் நோக்கத்துக்கு மாறானது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். எந்த முறையில் வருகையைத் தெரிவிக்கும்படி முதலாளி பணிக்கிறாரோ, அந்த முறையில் தெரிவித்தாலே அது வருகைதான் என்பது அவர்கள் கொண்ட முடிவு.

இதனை நம் உணவகத்தில் பொருத்திப் பாருங்கள். “வெள்ளிக்கிழமை ஐந்து மணி ஷிஃப்ட் உனக்கு இருக்கலாம், மூன்று மணிக்கு மெசேஜ் போட்டுக் கேட்டுக்கொள்” என்பது மேலாளரின் கட்டளையாக இருந்து, ஊழியர் மூன்று மணிக்குச் செய்தி அனுப்பி, “வேண்டாம்” என்ற பதிலைப் பெற்றால், அவர் சட்டப்படி வந்தவரே என்று வைத்துத்தான் நான் கணக்கிடுவேன். மாறாக, ஊழியருக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கடமை எதுவும் இல்லாமல், முந்தைய நாளே மேலாளர் தாமாக அழைத்து ஷிஃப்டை ரத்து செய்தால், அந்த ஊழியர் வரவில்லை. மாநில விதிப்படி வருகை ஊதியமும் எழவில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிலம் இருக்கிறது. ஷிஃப்டுக்கு முக்கால் மணி நேரம் முன்பு செய்தி அனுப்பப்பட்டு, பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஊழியர் அதனைப் பார்க்காமல் கடை வாசலுக்கே வந்து நின்றால் என்ன செய்வது? செய்தி அவருக்கு எட்டவில்லை, அவர் பணிக்கப்பட்டபடி வந்துவிட்டார் என்பதால் கொடுத்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. அனுப்பியது வேறு, கிடைத்தது வேறு. ரத்துச் செய்தி எத்தனை மணிக்குப் போனது, ஊழியர் எத்தனை மணிக்கு அதனை ஒப்புக்கொண்டார் என்ற இரண்டையும் குறித்துவைக்கும் உணவகத்தில் இந்த வாக்குவாதம் நீளுவதில்லை.

எப்போது கொடுக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். மின்சாரம், தண்ணீர், எரிவாயு, கழிவுநீர் ஆகிய பொதுச் சேவைகள் நின்றுபோய்க் கடையை நடத்த முடியாத நிலை. ஊழியர்களுக்கோ சொத்துக்கோ அச்சுறுத்தல். மூடும்படி அரசு அதிகாரிகளின் பரிந்துரை. இயற்கைச் சீற்றம் அல்லது முதலாளியின் கட்டுப்பாட்டில் இல்லாத வேறு காரணம் ஆகியவை விலக்குகள். காட்டுத்தீ அபாயத்தால் மின் நிறுவனம் முன்கூட்டியே மின்சாரத்தைத் துண்டிக்கும் நாள்களில் இது பயன்படும். ஆனால் மின்சாரம் வருமா என்று பார்க்க ஊழியரைக் கடையிலேயே முக்கால் மணி நேரம் உட்காரவைத்தால், அந்த முக்கால் மணி நேரம் வேலை நேரம். அதற்கு முழு ஊதியம் உண்டு. கூட்டம் இல்லை, புக்கிங் ரத்தாயிற்று, மழையில் யாரும் வரவில்லை என்பவை விலக்குகள் அல்ல. சொந்தக் கிரைண்டரோ தோசைக்கல்லோ பழுதானதையும் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம் என்று நான் யாருக்கும் எழுதித் தரமாட்டேன்.

ஊழியர் தாமாகவே உடல்நலம் இல்லை என்று கிளம்பினாலோ, நேரத்துக்கு வராததற்காகவோ வேலை செய்யத் தகுதியற்ற நிலையில் வந்ததற்காகவோ திருப்பி அனுப்பப்பட்டாலோ வருகை ஊதியம் இல்லை. ஆனால் “இன்றைக்குக் கூட்டம் குறைவு, யாராவது சீக்கிரம் போகிறீர்களா?” என்று மேலாளரே கேட்டு, தயங்கித் தயங்கி ஒருவர் கை தூக்கினால், அது தாமாகப் போனதாகுமா என்பது பின்னாளில் கேள்வியாகும். அவர் விரும்பித்தான் போகிறார் என்றால், அதனை அவர் கையாலேயே ஒரு வரி செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். அவர் எழுதத் தயங்கினால், அந்தத் தயக்கமே பதில்.

இரண்டாம் படி: அட்டவணையிட்ட நேரத்தைப் பிடித்தல்

நேரம் மாறும் ஊழியருக்கு ‘வழக்கமான நாள்’ என்று ஒன்று இருப்பதில்லை. செவ்வாய் 8 மணி நேரம், வெள்ளி 5 மணி நேரம், ஞாயிறு 3 மணி நேரம் என்று இருப்பவருக்குச் சராசரி எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அந்தக் குறிப்பிட்ட நாளுக்கு வெளியிடப்பட்ட அட்டவணையில் என்ன இருக்கிறதோ, அதுவே அடிப்படை. ஆகவே ஷிஃப்டைக் கடைசி நேரத்தில் ரத்து செய்யும்போது மேலாளர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு காரியத்தை முதலில் நிறுத்த வேண்டும்: ஷெட்யூல் செயலியில் அந்த ஷிஃப்டையே அழித்துவிடுவது. அழித்த பிறகு அந்த ஊழியருக்கு அன்று எத்தனை மணி நேரம் போடப்பட்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை ஒரு வாடிக்கையாளருக்காக நான் வாட்ஸாப் குழுவில் பகிரப்பட்டிருந்த ஒரு மங்கலான ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் நேரத்தைக் கண்டுபிடித்தேன். ஷிஃப்டை அழிக்காமல், ரத்து என்று குறியிட்டுவைக்க வேண்டும்.

அட்டவணையில் இல்லாத நாளில் ஒருவரை ஊழியர் கூட்டத்துக்கென்று மட்டும் அழைத்தால் என்ன? 2011இல் பிரைஸ் எதிர் ஸ்டார்பக்ஸ் வழக்கில், ஷிஃப்ட் இல்லாத நாளில் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டுச் சிறிது நேரத்திலேயே அனுப்பப்பட்ட ஊழியர், தம் சராசரி ஷிஃப்டின் பாதி வேண்டும் என்று கேட்டார். அவருக்கு அன்று அட்டவணையே இல்லை என்பதால் 2 மணி நேரக் குறைந்தபட்சமே போதும் என்று நீதிமன்றம் கூறியது. கூட்டம் முன்கூட்டியே அட்டவணையிடப்பட்டிருந்தால் நிலைமை வேறு. ஒன்றரை மணி நேரம் என்று அறிவித்த கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்தால், பாதிக்கு மேல் நடந்துவிட்டதால் வருகை ஊதியம் எழாது. 2012இல் அலெமான் எதிர் ஏர்டச் வழக்கில் சொல்லப்பட்டது இதுதான்.

மூன்றாம் படி: மணி நேரத்தைக் கணக்கிடுதல்

முதலில் ஊழியர் உண்மையில் வேலை செய்த நேரம், அட்டவணையிட்ட நேரத்தின் பாதிக்குக் குறைவா என்று பாருங்கள். குறைவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். குறைவு என்றால், பாதி நேரத்தை எடுத்து, அது 2க்குக் கீழே இருந்தால் 2 ஆக உயர்த்தி, 4க்கு மேலே இருந்தால் 4 ஆகக் குறைத்து, அதிலிருந்து வேலை செய்த நேரத்தைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதே வருகை ஊதிய நேரம். எக்ஸெலில் அட்டவணை நேரம் B2விலும் வேலை செய்த நேரம் C2விலும் இருந்தால் சூத்திரம் இப்படி அமையும்:

```
=IF(C2<B2/2, MAX(0, MIN(4, MAX(2, B2/2)) - C2), 0)
```

இந்தச் சூத்திரத்தில் முதலில் வரும் நிபந்தனையை விட்டுவிட்டால் தவறு நேரும். 3 மணி நேர ஷிஃப்டில் ஒருவர் 1 மணி 36 நிமிடம் வேலை செய்தார் என்று வையுங்கள். அது பாதியான ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டதால் எதுவும் சேராது. நிபந்தனை இல்லாத சூத்திரமோ 2 மணி நேரம்வரை நிரப்பி, 24 நிமிடத்தைக் கூட்டிவிடும். எதிர்ப்புறத்தில் 10 மணி நேர ஷிஃப்டில் 4 மணி 15 நிமிடத்தில் அனுப்பப்பட்டவர் பாதிகூட வேலை செய்யவில்லை. ஆயினும் 4 மணி நேர உச்சவரம்பைத் தாண்டிவிட்டார், ஆகவே அவருக்கு வேலை செய்த நேரத்தின் ஊதியம் மட்டுமே. எக்ஸெலில் நேரத்தை 1:36 என்று இடாமல் 1.6 என்று தசமத்தில் இட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எல்லா விடைகளும் தவறாகும்.

ஒரே நாளில் இரண்டாம் முறை வரவழைக்கும் பழக்கம் உணவகங்களில் உண்டு. மதியம் முடித்து வீட்டுக்குப் போனவரை இரவு உணவுக்கு மறுபடி அழைத்து, 2 மணி நேரத்துக்குள் அனுப்பிவிட்டால், அந்த இரண்டாவது வருகைக்கு அட்டவணை என்னவாக இருந்தாலும் மொத்தம் 2 மணி நேர ஊதியம் தர வேண்டும். மேலுள்ள சூத்திரம் இதற்குப் பொருந்தாது, தனியாகப் பாருங்கள்.

நான்காம் படி: எந்த விகிதத்தில்

வருகை ஊதியம் ஊழியரின் வழக்கமான ஊதிய விகிதத்தில் தரப்படுவது; குறைந்தபட்ச ஊதியத்தில் அல்ல. மணிக்கு 20 டாலர் பெறுபவருக்கு 20 டாலர்தான். டிப்ஸை இதில் சேர்ப்பதில்லை. ஆனால் “வாரம் முழுவதும் விடுப்பு இல்லாமல் வந்தால் இவ்வளவு” என்பது போல முன்கூட்டியே வாக்களித்த போனஸ் இருந்தால், அது அந்த வாரத்தின் விகிதத்தை உயர்த்தும். இதற்கு ஒரு கணக்கை முழுமையாகப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு பரிமாறுபவரின் விகிதம் மணிக்கு 20 டாலர். வாரம் திங்களில் தொடங்குகிறது. திங்கள் அவருக்கு விடுமுறை. செவ்வாய் 8, புதன் 7, வியாழன் 8 மணி நேரம் வேலை செய்தார். வெள்ளிக்கிழமை மாலை 4 முதல் 11 வரை 7 மணி நேரம் அட்டவணையிடப்பட்டிருந்தது. 4 மணிக்கு வந்து நேரம் பதிந்தவரை, ஒரு பெரிய குடும்பத்தின் புக்கிங் ரத்தானதால் 5 மணிக்கு அனுப்பிவிட்டார்கள். சனி 8, ஞாயிறு 7.5 மணி நேரம். எந்த நாளும் 8ஐத் தாண்டவில்லை; ஆகவே தினசரி ஓவர்டைம் இல்லை.

வெள்ளிக்கிழமை 7இல் பாதி 3.5, வேலை செய்தது 1, எனவே வருகை ஊதியம் 2.5 மணி நேரம். வாரத்தில் உண்மையான வேலை நேரம் 39.5. அதற்கு 790 டாலர். வருகை ஊதியம் 50 டாலர். மொத்தம் 840 டாலர். அந்த வாரத்தில் அவருக்கு வாக்களித்த 79 டாலர் வருகைப் போனஸும் இருந்தால், அதனை 39.5ஆல் வகுக்க மணிக்கு 2 டாலர் கூடும். விகிதம் 22 ஆகி, வருகை ஊதியம் 55 டாலராகும்.

ஐந்தாம் படி: சம்பள மென்பொருளில் தனி வரியாக ஏற்றுதல்

அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். அந்த 2.5 மணி நேரத்தை `Regular` என்ற வரியில் சேர்த்துவிட்டால் மென்பொருள் வாரத்தை 42 மணி நேரமாகப் பார்க்கும்; 40க்கு மேற்பட்ட 2 மணி நேரத்தை ஒன்றரை மடங்காக்கி, 800உடன் 60 சேர்த்து 860 டாலர் என்று சொல்லும். வருகை ஊதிய நேரம் வேலை நேரம் அல்ல என்பதால் அது ஓவர்டைம் கணக்கில் எண்ணப்படுவதில்லை. 20 டாலர் அதிகம் போனதில் ஊழியர் புகார் சொல்லப்போவதில்லை. ஆனால் அவருடைய வேலை நேரப் பதிவு பொய்யாகிவிடுகிறது, 30 மணி நேர வேலைக்கு 1 மணி நேரம் என்று சேரும் ஊதியத்துடன் கூடிய நோய்விடுப்பும் அந்தப் பொய் நேரத்தின்மேல் சேர்கிறது.

ஆகவே மென்பொருளில் `Reporting Time Pay` என்று புதிய ஊதிய வகை ஒன்றை உருவாக்குங்கள். அது மணி நேர அடிப்படையிலானது, வரிப்பிடித்தத்துக்கு உட்பட்டது, ஓவர்டைமில் எண்ணப்படாதது, விடுப்புச் சேர்க்கையில் எண்ணப்படாதது என்று நான்கு அமைப்புகளையும் சரிபாருங்கள். இந்தத் தொகையை ஓவர்டைம் விகிதம் கணக்கிடும்போதும் சேர்ப்பதில்லை. இதுவும் ஊதியமே என்பதால் வழக்கமான வருமான வரி, சமூகப் பாதுகாப்பு வரிப் பிடித்தங்கள் உண்டு. கையில் ஐம்பது டாலர் நோட்டைக் கொடுத்து “இன்றைக்கு இது வைத்துக்கொள்” என்று அனுப்புவது வருகை ஊதியத்தைக் கொடுத்ததாகாது.

பே ஸ்லிப்பில் அது தனி வரியாக, மணி நேரமும் விகிதமும் தெரியும்படி வர வேண்டும். தொழிலாளர் சட்டத் தொகுப்பின் 226ஆம் பிரிவு பே ஸ்லிப்பில் இருக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. தெரிந்தே அதனை மீறினால் முதல் சம்பளக் காலத்துக்கு 50 டாலர், அடுத்தடுத்தவற்றுக்கு 100 டாலர் என்று ஓர் ஊழியருக்கு 4,000 டாலர்வரை போகும். ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது இந்தத் தொகை வேண்டுமென்றே பாக்கி வைக்கப்பட்டிருந்தால், 203ஆம் பிரிவின்படி ஒரு நாள் ஊதியம் வீதம் 30 நாள்வரை அபராதம் ஏறக்கூடும். 50 டாலர் பாக்கி சில ஆயிரங்களாக வளரும் வழி அதுதான்.

சில நகரங்கள் மாநில விதிக்கு மேலே தனிச் சட்டம் வைத்துள்ளன. லாஸ் ஏஞ்சல்ஸில் 2023 ஏப்ரலிலிருந்து 300 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் சில்லறை வணிகங்கள் அட்டவணையை 14 நாள் முன்பே தந்து, பிறகு குறைத்தால் குறைந்த நேரத்துக்குப் பாதி ஊதியம் தர வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ, எமரிவில், பெர்க்லி ஆகியவற்றிலும் பெரிய நிறுவனங்களை நோக்கிய இத்தகைய சட்டங்கள் உள்ளன. ஒற்றைக் கிளை உணவகம் பெரும்பாலும் இவற்றில் சிக்குவதில்லை. பல கிளைகள் உள்ள பிராண்டின் உரிமம் பெற்று நடத்துபவர் மட்டும் தம் நகரத்தின் சட்டத்தைப் படித்துவிடுவது நல்லது.

ஆறாம் படி: விட்டுப்போனவற்றைத் தேடுதல்

ஒவ்வொரு சம்பளக் காலத்தின் முடிவிலும், ஊதியத்தை அனுப்புவதற்கு முன்பு, அட்டவணையையும் நேரப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு வகை வரிகளைத் தேடுங்கள்: அட்டவணையில் ஷிஃப்ட் இருந்தும் நேரப் பதிவே இல்லாத நாள், பதிவு இருந்தும் அது பாதிக்குக் குறைவான நாள். இரண்டாவது வகை மென்பொருளின் அறிக்கையில் கண்ணில் படும். முதல் வகைதான் ஏமாற்றும். ஏனென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் நேரம் பதிந்திருக்கமாட்டார், அவர் வராததுபோலவே தெரியும். அத்தகைய ஒவ்வொரு நாளுக்கும் மேலாளரிடம், அவர் வரவில்லையா, அவரே மாற்றிக்கொண்டாரா, நாம் ரத்து செய்தோமா, ரத்து செய்தோமெனில் எத்தனை மணிக்கு, அப்போது அவர் எங்கே இருந்தார் என்று கேளுங்கள். விடையை அந்த வரியின் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பழைய காலத்தில் விட்டுப்போனது தெரியவந்தால், ஊதியக் கோரிக்கைக்கான காலவரம்பு பொதுவாக 3 ஆண்டுகள் என்பதை நினைவில் வைத்து, அந்த மூன்றாண்டு நேரப் பதிவுகளில் இதே இரண்டு வகை வரிகளைத் தேடி, அன்றைய விகிதத்திலேயே கணக்கிட்டு, அடுத்த சம்பளத்தில் தனி வரியாகச் சேர்த்து, எந்தத் தேதியின் ஷிஃப்டுக்கானது என்று பே ஸ்லிப்பின் குறிப்பில் எழுதுங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் வரும். அவர்களுக்குத்தான் முதலில் காசோலை எழுத வேண்டும், ஏனென்றால் 203ஆம் பிரிவின் நாள் கணக்கு ஓடுவது அவர்களுக்கு.